நிறுத்தியது யார்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிக்க வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருப்பவன் நான். பேனாவைப் பிடித்தால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதிலும் குழப்பம்தான். இதை டைப் அடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் டைப் அடிப்பதெல்லாம் பிறர் சொல்வது. இது நான் சொல்ல வேண்டியது. அதனால் கையால் எழுதுகிறேன்.

சித்தூரில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. விண்ணப்பம், மெமோவுக்குப் பதில், பயோடேட்டா, ராஜினாமா எல்லாம் அங்கே டைப் ஆகும். தெலுங்கில் எழுதிக்கொண்டு வருவார்கள், தமிழில் எழுதிக்கொண்டு வருவார்கள். தனியார் வேலைக்காரர்கள் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வருவார்கள். இங்கிலீஷ் எனக்குப் பேச வராது. ஆனால் அத்தனை வருடம் தட்டியதில் வார்த்தைகளின் அர்த்தம் தெரியும். இலக்கணம் தெரியாது. அதற்குப் பதிலாக எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன்.

அந்த வழி இதுதான். யாராவது இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தால், ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பென்சிலில் அதன் தமிழை எழுதுவேன். எழுதிவிட்டு அந்தத் தமிழை விரல் வைத்துப் படிப்பேன். உண்மையான இங்கிலீஷாக இருந்தால் விரல் கடைசிக்குத் தாவி, திரும்பி வந்து, மறுபடி தாவும். எங்கேயும் தாவாமல் நேராக ஓடினால், அது இங்கிலீஷ் சட்டை போட்ட தமிழ். அந்த வரியைச் சுற்றி வட்டம் போடுவேன்.

வட்டம் போட்டதால் தப்பு என்று ஆகிவிடாது. 'I came' என்பதும் 'நான் வந்தேன்' என்று நேராகத்தான் ஓடுகிறது. அதில் தப்பில்லை. வட்டம் வெறும் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நீள நோட்டு இருக்கிறது. கடைக்கு வரும் லெக்சரர்களும் வக்கீல்களும் பிறர் எழுதியதை அடித்துத் திருத்துவதைப் பார்த்து, இடது பக்கம் பழைய வரியையும் வலது பக்கம் திருத்திய வரியையும் எழுதிவைத்த நோட்டு. 'ஆறு வருஷமா வேலை செய்யறேன்' என்பதை நம் ஆட்கள் 'I am working since six years' என்று எழுதுவார்கள். வலது பக்கம் 'I have been working for six years' என்று இருக்கும். 'எனக்குக் காய்ச்சல் இருந்தது' என்பதை 'For me fever was there' என்பார்கள். வலது பக்கம் 'I had a fever'. நம்மிடம் காய்ச்சல் தானாக ஆளிடம் வரும். இங்கிலீஷில் ஆள் முன்னால் வந்து காய்ச்சலை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் புரிந்துகொண்டது அப்படி. தெலுங்குக்காரர்கள் எழுதினாலும் இதே தப்புகள்தான். அவர்களும் நம்மைப் போலத்தான் வாக்கியத்தை அடுக்குகிறார்கள்.

நம் வார்த்தைகளுக்கு வால் உண்டு. கிட்ட, ஏ, தான், உம் என்று. அந்த வால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை ஒட்டவைத்திருந்தால் அங்கேயும் வட்டம் போடுவேன். 'நேத்தே டாக்டர்கிட்ட சொன்னேன்' என்பது 'Yesterday itself I told to doctor' ஆகும். அதில் itself, to இரண்டும் வால்கள். வெட்டிவிட வேண்டும்.

வெட்டுவதில் நான் கெட்டிக்காரன். ஒட்டவேண்டிய வால் ஒன்று உண்டு. அதில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.

அன்று புதன்கிழமை. காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் சபைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் அல்ல. சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதி போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் என்பது மட்டும் தெரியும்.

"அண்ணா, இன்னிக்கு நாலு மணிக்கு என்கொயரி. மெமோக்கு பதில் குடுக்கணும். இங்கிலீஷ்லதான் கேக்கறாங்க. மேட்ரன் கேரளாக்காரங்க, தமிழும் வராது தெலுங்கும் வராது" என்றார். கையில் நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள். பேசும்போது அந்தத் தாள்களின் ஓரத்தை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மெமோவை வாங்கிப் படித்தேன். திங்கட்கிழமை காலை பொது வார்டில் ஒன்பதாம் படுக்கை நோயாளிக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப் பத்தேகாலுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. பதினோரு மணி வரை யாருக்கும் சொல்லப்படவில்லை. நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள், ஏன் சொல்லவில்லை, விளக்கம் கொடுங்கள் என்று இருந்தது.

"வேலை போயிடுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"போனா கூட பரவால்லண்ணா. எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் குடுக்கமாட்டாங்க. ஆறு வருஷம் அப்படியே காத்துல போயிடும். அது இல்லாம வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் வாசல்ல கூட நிக்க வுடமாட்டாங்க."

"போன்ல போட்டா அதுவே இங்கிலீஷ் பண்ணிக் குடுக்குமே" என்றேன்.

"எங்க வார்டுல ஒரு பொண்ணு அப்படித்தான் குடுத்தாள். இவள் செஞ்சதை எல்லாம் 'அவன் செஞ்சான்'னு போட்டு வெச்சிருந்திச்சு. படிச்சு சிரிச்சாங்க. நம்ம எழுதினா நம்ம தப்பாவாச்சும் இருக்கும்."

பென்சிலை எடுத்தேன். முதல் தாளில் ஏழு வட்டம் விழுந்தது. 'I am working here since six years' வழக்கமானது. 'Monday for me duty was in general ward' என்பதும் காய்ச்சல் வரியின் தங்கச்சிதான். நோட்டைப் பார்த்து மாற்றினேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை செய்யும்போது யாராவது பேசினால் நான் 'உம்' கொட்டுவேன். காதில் விழும், மண்டைக்குப் போகாது.

இரண்டாம் தாளின் நடுவில் '10.15 time stopped' என்று எழுதியிருந்தது.

தமிழில் 'நிறுத்தினேன்' என்றால் நிறுத்தியது நான். 'நிறுத்தினாள்' என்றால் அவள். ஆள் யார் என்பது வாலிலேயே இருக்கிறது. அதனால் நாம் 'நான்' என்பதையோ 'அவள்' என்பதையோ விட்டுவிட்டுப் பேசினாலும் கேட்பவருக்கு விளங்கிவிடும். வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ் ஆக்கும்போது அந்த வால் உதிர்ந்துவிடும். 'stopped' மட்டும் மிஞ்சும். யார் நிறுத்தினார்கள் என்பது அதில் இல்லை. அதனால் இங்கிலீஷில் ஆளைத் தனியாக முன்னால் வைக்க வேண்டும். இது என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மெமோவுக்குப் பதில் எழுதுகிறவர்கள் பத்தில் ஒன்பது இடத்தில் விட்டுவிடுவது 'I' தான். அதனால் கேட்காமலே போட்டுவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பென்சிலில் கீழே 'நிறுத்தினேன்' என்று எழுதினேன். 'At 10.15 I stopped the drip' என்று அடித்தேன்.

அப்போது கரண்ட் போயிற்று. எங்கள் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். சேவ் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மணியைப் பார்த்தார், நான் விசிறியைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் மூன்றாம் தாளை அவசரமாக முடித்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்து போட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணா, வரேன்" என்று ஓடினார்.

பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மேசையைத் துடைத்தபோது அவருடைய மூன்று தாள்களும் கீபோர்டுக்கு அடியில் கிடந்தன. தூக்கிப் போடப் போனவன், பழக்க தோஷத்தில் கடைசித் தாளை ஒரு முறை படித்தேன். வேலைப் பளுவைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டு நர்ஸ்தான், முப்பது படுக்கை. அதற்கு நடுவில் ஒரு வரி. பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை பதினாலாம் படுக்கையில் டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தேன், ரெஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறது.

பத்தேகாலுக்கு ஒன்பதாம் படுக்கையில் டிரிப்பை நிறுத்தினவர், அதே பத்தேகாலுக்கு எப்படிப் பதினாலாம் படுக்கையில் இருக்க முடியும்?

அவர் எழுதிய தாளில் இந்த முரண்பாடு இல்லை. ஆள் இல்லாத 'stopped' என்று சும்மா இருந்தது. நான் வைத்த 'I' தான் அவரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தியிருந்தது. அப்போதுதான் காதில் விழுந்து மண்டைக்குப் போகாமல் இருந்தது மெல்ல உள்ளே போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது, "பத்தேகாலுக்கே நிறுத்திட்டாங்கண்ணா" என்று. நிறுத்திட்டேன் என்று சொல்லவில்லை. நிறுத்திட்டாங்க.

யார் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் என் நோட்டின் முதல் பக்கமே இருக்கிறது.

கடைசித் தாளின் அடியில் அவர் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். வாட்ஸப்பில் செய்தி போட்டேன். ஒரே ஒரு டிக். டப்பாவை மூடினேன்.

"ஏமய்யா, எக்கடிக்கி?" என்றார் ஓனர். தெலுங்குக்காரர், பாதி தமிழ் பேசுவார்.

"திருப்பதிக்கு சார். ஒரு லெட்டர்ல தப்பாயிடுச்சு."

"தப்பானா திரும்பி அடிச்சு வாட்ஸப்ல பம்பிச்சு, அனுப்பிச்சுடு. டைப் அடிக்கிறவன் பஸ் ஏறி போறானா? நாளைக்கு எல்லாரும் லெட்டரை ஊட்டுக்கே கொண்டாந்து குடுன்னு கேப்பாங்க."

"எப்படித் திருத்தறதுன்னு எனக்கே தெரியல சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இருபது வருடத்தில் அவரிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம். "சரி, சரி, எள்ளு" என்று போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

பஸ் ஒரு மணிக்குக் கிளம்பியது. புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் ஆள் ஏற்றினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனை எடுத்துப் பார்ப்பேன். ஒரே டிக். அவர் போட்ட கையெழுத்தும், போடுவதற்கு முன் என்னைப் பார்த்த பார்வையும் திரும்பத் திரும்ப வந்தன. தாள்களைப் பனியனுக்குள் வைத்திருந்தேன், வியர்வையில் பென்சில் அழிந்துவிடுமோ என்று எடுத்துப் பைக்குள் வைத்தேன், பறந்துவிடுமோ என்று மறுபடி உள்ளே வைத்தேன். சந்திரகிரி வரும்போது இரண்டே முக்கால்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். யாரைப் பார்க்கணும் என்று தெலுங்கில் கேட்டார். பொது வார்டு சிஸ்டர் என்றேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்றார்.

அண்ணன் என்று சொல்ல முடியாது. சபைக்காரர் என்றால் அவருக்குப் புரியாது. "டைப்பு" என்றேன்.

"பிளட் டைப்பா? அதுக்கு லேப் அந்தப் பக்கம்."

"இல்லீங்க. லெட்டர் டைப்பு. அவங்க காகிதத்தை மறந்துட்டு வந்துட்டாங்க" என்று தெலுங்கில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போன் செய்தார். மூன்றேகால் இருக்கும், சிஸ்டர் வெள்ளைச் சீருடையில், நான் அடித்துக் கொடுத்த பக்கங்களைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வேகமாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தாளை விரித்து, வட்டம் போடாமல் விட்ட இடத்தைக் காட்டினேன். "சிஸ்டர், இங்க 'I'ன்னு நானா போட்டுட்டேன். நீங்க நிறுத்திட்டாங்கன்னுதான் சொன்னீங்க. நான் கேட்டிருக்கணும்."

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "தெரியும்ணா. பார்த்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன்" என்றார்.

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

"ஒன்பதாம் படுக்கை ஆளோட சம்சாரம்தாண்ணா மூடினது" என்றார், குரலைத் தாழ்த்தி. "புத்தலப்பட்டு பக்கம், கூலி வேலைக்காரங்க. புருஷனுக்கு ஊசி போட்ட கை பொதபொதன்னு வீங்கிக்கினு வந்திருக்கு. நான் அந்தப் பக்கம் டிரெஸ்ஸிங்ல இருக்கேன். பயந்து போயி, டியூப்ல இருக்கற சக்கரத்தை அதுவே திருகி மூடிடுச்சு. பதினோரு மணிக்கு நான் போயி பார்த்தா சொட்டு வுழல. கை வீக்கம். ஊசியை எடுத்துட்டு உடனே டூட்டி டாக்டர்கிட்ட சொன்னேன். அதுல தப்பில்ல. ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் கேட்டப்ப அந்தம்மா, 'பத்தேகாலுக்கே நின்னுபோச்சு சார்'னு சொல்லிடுச்சு. நின்னுபோச்சாம். தானா நின்னுபோச்சாம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்புறம் என் கையைப் புடிச்சிக்கினு, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, ஊட்டுக்காரருக்கு வைத்தியம் பாக்காம அனுப்பிச்சிடுவாங்கன்னு அழுவுது. சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அதனாலதான் நீங்க ஆளில்லாம எழுதினீங்களா?"

"வேணும்னு எழுதலண்ணா. யோசிச்சு யோசிச்சு எழுதும்போது அப்படித்தான் வந்துச்சு. தமிழ்ல நெனச்சா யார்னு சொல்லாமயே சொல்லிடலாமில்ல. நீங்க 'I' போட்டதும், சரி, என் தலையிலயே வுழட்டும்னு வுட்டுட்டேன். ஒரு டிரிப்புதானே, வார்னிங்கோட வுட்டுடுவாங்கன்னு."

நான் மூன்றாம் தாளை எடுத்து டிரெஸ்ஸிங் வரியைக் காட்டினேன். இரண்டாம் தாளையும் பக்கத்தில் வைத்தேன். பத்தேகால் என்ற இடத்தில் ஒரு விரல், பதினாலாம் படுக்கை என்ற இடத்தில் ஒரு விரல்.

அவர் இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ" என்றார்.

"ரெஜிஸ்டர் பொய் சொல்லாது சிஸ்டர். லெட்டர் பொய்யாயிடும். டிரிப்பை மூடினதுக்கு வார்னிங் குடுப்பாங்க. பொய்க் கையெழுத்துக்கு என்ன குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ரெஜிஸ்டர் கையெழுத்துதான் பொய்னு சொல்லுவாங்க" என்றார் அவர். "டிரெஸ்ஸிங் செய்யாமயே செஞ்சதா எழுதியிருக்கேன்னு. அதுக்கு வேலை மட்டும் போகாதுண்ணா." வாயை முந்தானையால் மூடுவது போலக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "பழையபடி ஆளில்லாமயே வுட்டுட்டா?" என்றார்.

யோசித்தேன். எனக்கும் அந்த ஆசை வந்தது. "மெமோல 'நீங்க ஏன் நிறுத்தினீங்க'ன்னு கேட்டிருக்காங்க. ஆள் இல்லாத இடத்துல படிக்கறவங்க உங்களைத்தான் வெச்சுப் படிப்பாங்க. நானே அப்படித்தான் படிச்சேன்."

டீக்கடைக்காரர் இரண்டு டீயை வைத்துவிட்டுப் போனார். ஆடை படியும் வரை யாரும் தொடவில்லை. மணி மூன்று இருபத்தைந்து.

"கொடுத்த வாக்கு என்னாகறது?" என்றார். என்னைக் கேட்டாரா தன்னைக் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. என் நோட்டில் அதற்கு வலது பக்கம் கிடையாது. "அவங்களையே கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

எழுந்து போனார். நான் டீக்கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சர் ஒன்று போயிற்று, ஆட்டோ இரண்டு வந்தன. செக்யூரிட்டி என்னைப் பார்த்து, "டைப்பு, ஏமாயிந்தி?" என்று, என்ன ஆயிற்றென விசாரித்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"கேட்டேன். 'எழுதிக்க. ஆனா பயந்துக்கினுதான் மூடினேன்னு எழுது. சும்மா மூடினேன்னு எழுதாத'ன்னு சொல்லிச்சு" என்றார்.

டைப் அடிக்க இடமில்லை, நேரமில்லை. அவர் தன் கையாலேயே புதுத் தாளில் எழுதத் தொடங்கினார். நான் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலை ஓட்டாமல், விரலை மட்டும் ஓட்டினேன். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'யார்?' என்று கேட்டேன். மூடினது யார்? டிரெஸ்ஸிங்கில் இருந்தது யார்? ஊசியை எடுத்தது யார்? சொன்னது யார்? அவர் ஒவ்வொரு தடவையும் தமிழில் சொல்லிவிட்டு இங்கிலீஷில் எழுதினார்.

ஒரு இடத்தில் 'For her fear came' என்று எழுதினார். என் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளுக்குப் பயம் வந்தது. நேராக ஓடுகிறது.

"சிஸ்டர், இது காய்ச்சல் மாதிரி" என்றேன்.

புரியாமல் பார்த்தார். நோட்டைக் கொண்டுவந்திருந்தேன், பிரித்துக் காட்டினேன். எனக்குக் காய்ச்சல் இருந்தது, I had a fever. ஆள் முன்னால் வரணும். அவர் ஒரு நொடி யோசித்து, அடித்துவிட்டு, 'She was afraid' என்று எழுதினார். எழுதிய பிறகு அந்த மூன்று வார்த்தையையும் தொட்டுப் பார்த்தார்.

கடைசிப் பத்தி இப்படி இருந்தது. எனக்கு மனப்பாடம். 'His wife closed the drip because his hand was swollen and she was afraid. I was at bed fourteen. I had not told her to call me if there was a problem. That was my mistake.'

நோயாளியின் மனைவி கையின் வீக்கத்தைப் பார்த்துப் பயந்து மூடினாள், நான் பதினாலாம் படுக்கையில் இருந்தேன், ஏதாவது ஆனால் என்னைக் கூப்பிடு என்று அவளிடம் நான் சொல்லி வைக்கவில்லை, அது என் தவறு. அந்தக் கடைசித் தவறை அவராகத்தான் எழுதினார். நான் கேட்கவில்லை. எல்லா வினைக்கும் ஆள் வைத்து முடித்த பிறகு, செய்யாமல் விட்டதற்கும் ஓர் ஆளை வைத்துவிட்டார்.

மூன்று ஐம்பதுக்குத் தாளை மடித்துக்கொண்டு ஓடினார். நான் அடித்துக் கொடுத்த மூன்று பக்கமும் பெஞ்சிலேயே கிடந்தன. என்கொயரி முடியும் வரை காத்திருக்க நினைத்தேன். ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று செக்யூரிட்டி மறுபடி கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை. ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ரேணிகுண்டாவிலிருந்து வந்து ஏறிய தொழிற்சாலைக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சித்தூர் வரும்போதுதான் டிக் இரண்டானது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் வந்து சொன்னார்.

"எழுத்து மூலமா வார்னிங் குடுத்திருக்காங்க. ஒரு மாசம் ராத்திரி டூட்டி. வேலை இருக்கு. அந்த ஆளை அனுப்பல, வைத்தியம் முடிச்சுத்தான் அனுப்புவாங்க. மேட்ரன் அந்தம்மாகிட்ட ஒண்ணும் கேக்கல. லெட்டரை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் ரெஜிஸ்டரைக் கொண்டாரச் சொன்னாங்க."

"கொண்டாரச் சொன்னாங்களா?"

"பதினாலாம் படுக்கை வரியில, நேரத்துக்குப் பக்கத்துல விரல் வெச்சு பார்த்தாங்கண்ணா. உங்களை மாதிரியே." அதற்குள் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. சிலருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அன்று முதல் ஆளில்லாத வரி வந்தால் நானாக 'I' போடுவதில்லை. அந்த இடத்தைக் கோடு போட்டுக் காலியாக விட்டு, எழுதினவர் முகத்தைப் பார்த்து யார் என்று கேட்கிறேன். முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமான வேலை. சிலர் எரிந்து விழுகிறார்கள். "அடிக்கறதுக்கு வந்தோமா, கோர்ட்டுக்கு வந்தோமா?" என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டார். ஓனர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மனதில் உறுத்துவது அது இல்லை. இதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை மெமோ பதிலில் நான் கேட்காமலே 'I' வைத்திருப்பேன்? அதைப் படித்தவர்கள் யாரை நினைத்துக்கொண்டார்கள்? கையெழுத்து போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு நொடி நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார்கள்? அந்தத் தாள்கள் எல்லாம் எங்கெங்கோ பைல்களில் இருக்கின்றன. என்னால் ஒரு பஸ் ஏறிப் போய்த் திருத்த முடியாது. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன். எழுதும்போது ஒவ்வொரு வினைக்கும் முன்னால் யார் என்று பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். கேட்காமல் போட்டது நான்.

சித்தூர், தை மாதம் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம்.